முடி கொட்டுகிறது, களைப்பும் விடவில்லை: எண்ணெயா, இரும்புக் குளிசையா, இரத்தப் பரிசோதனையா?

"மாமி, டொக்டர் ரத்தம் நல்லம் எண்டு சொல்லிட்டார். அப்ப ஏன் இன்னும் இப்பிடிக் கொட்டுது?"

என் அண்ணாவின் மகள் கேட்டது இது. 24 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. காலையில் தலை இழுக்கும்போது விழுந்த முடியை ஒரு டிஷ்யூவில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை நான் ஒரு வெள்ளைத் தாளில் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் ஒரு நுனியிலும் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தது. அப்படியென்றால் முடி நடுவில் உடையவில்லை. வேரோடு ஓய்வுக்குப் போய், அதன் பின் விழுந்திருக்கிறது. காரணம் தலைக்கு வெளியே அல்ல, உடம்புக்குள்ளே இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் திருகோணமலையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். டொக்டர் இல்லை, மருந்து எழுதுவது என் வேலை அல்ல. ஆனால் உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் இளம் பெண்கள் இதே இரண்டு குறைகளை, முடி மெலிகிறது, எந்நேரமும் களைப்பாயிருக்கிறது என்று சொல்வதைக் கேட்கிறேன். பெரும்பாலும் அதற்கு முன் பல ஆயிரம் ரூபாயைச் செலவழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எண்ணெயும் முடிக் குளிசையும் பாவிப்பது, பாமசியில் இரும்புக் குளிசையை வாங்கித் தாங்களாகவே தொடங்குவது, எஃப்.பி.சி. என்ற முழு இரத்தப் பரிசோதனையை மட்டும் செய்வது, அதோடு உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினையும் டி.எஸ்.எச். என்ற தைரொயிட் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வது. இவற்றில் எதை முதலில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், அந்த வழி காரணத்தைக் காட்டுமா என்பது. இரண்டாவது, அது பிழையாகப் போனால் எத்தனை மாதம் வீணாகும். மூன்றாவது செலவு, அதில் வெளியே தெரியாத செலவும் உண்டு. நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை: இப்போது செய்வது, நாளை செய்யப்போகும் பரிசோதனையைக் குழப்புமா?

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு முடி பல வருடம் வளரும், பிறகு சில மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் வழமை. உடம்பில் ஒரு குறையோ அதிர்ச்சியோ வந்தால் வழமையை விடப் பல மடங்கு முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் வேரிலேயே இருந்துவிட்டுத்தான் விழும். எங்கள் ஊரில் தை மாதம் டெங்கு வந்து எழும்பியவர்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி முடி கொட்டத் தொடங்குவது இதனால்தான். அவர்கள் சித்திரையில் மாற்றிய ஷம்புவைக் குறை சொல்வார்கள். பாவம், அந்த ஷம்பு ஒன்றும் செய்யவில்லை.

இதே தாமதம் மறுபக்கமும் உண்டு. சரியான மருந்தை இன்று தொடங்கினாலும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்தே தீரும். குறைவது தெரிய மூன்று மாதம் ஆகலாம், அடர்த்தி தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்; முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தானே வளர்கிறது. ஆகவே பிழையான வழியை எடுத்தால் அது பிழை என்று தெரியவே மூன்று, நான்கு மாதம் போய்விடும்.

| வழி | காரணம் தெரியுமா | பிழையானால் இழப்பு | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| எண்ணெய், முடிக் குளிசை | தெரியாது | பல மாதம் | பயோட்டின் தைரொயிட் ரிப்போர்ட்டைக் குழப்பும் | களைப்பு இல்லை, முடி இடையில் உடைகிறது |
| தாங்களாகவே இரும்புக் குளிசை | தெரியாது | பல மாதம், சிலருக்கு வருடங்கள் | பிறகு எடுக்கும் பெரிட்டினில் பழைய நிலை தெரியாது | மிக அரிது |
| எஃப்.பி.சி. மட்டும் | பாதி | "நல்லம்" என்ற தவறான நிம்மதி | இரண்டாம் முறை ஊசி, இரண்டாம் முறை அலைச்சல் | கையில் காசு குறைவு, முதல் படியாக |
| எஃப்.பி.சி., பெரிட்டின், டி.எஸ்.எச். | பெரும்பாலும் தெரியும் | குறைவு | கைக்காசு ஒரே தடவையில் போகும் | முடியும் களைப்பும் சேர்ந்து இருந்தால் |

## எண்ணெயும் முடிக் குளிசையும்

எண்ணெயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேங்காயெண்ணெய் முடியின் தண்டைக் காக்கும், வரண்டு உடைவதைக் குறைக்கும். வேருக்குள் இரும்பைக் கொண்டுபோகாது. விரும்பினால் வையுங்கள், அது எதையும் கெடுக்காது.

முடிக் குளிசை அப்படி அல்ல. இப்போது விற்கும் பலவற்றில் பயோட்டின் இருக்கிறது, சிலவற்றில் 5 அல்லது 10 மில்லிகிராம். ஒரு நாளுக்கு நமக்கு வேண்டியது இதில் மிகச் சிறிய பங்கு; மில்லிகிராமில் அல்ல, மைக்ரோகிராமில் எண்ணும் அளவு. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்குப் பயோட்டின் குறைபாடு வருவது மிக அரிது. ஆகவே பலன் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் இருந்து பார்க்கும் எனக்கு இதில் வேறு ஒரு கவலை உண்டு. தைரொயிட் அளவைப் பார்க்கும் பல இயந்திரங்கள் தங்கள் வேலைக்கே பயோட்டினைப் பாவிக்கின்றன. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கணக்கு தப்பும். டி.எஸ்.எச். உண்மையை விடக் குறைவாகவும், தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான தைரொக்சின் உண்மையை விடக் கூடவாகவும் காட்டலாம். தைரொயிட் குறைவாக இருக்கும் ஒரு பெண்ணின் ரிப்போர்ட் "நோர்மல்" என்று வரும். நன்றாக இருப்பவருக்கு தைரொயிட் கூடிவிட்டது போல வரும்.

என் மருமகளும், அதாவது அந்த அண்ணாவின் மகளும், மூன்று மாதமாக அப்படி ஒரு குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். "மருந்து ஏதும் எடுக்கிறியா?" என்று கேட்டபோது இல்லை என்றாள். அவளுக்கு அது மருந்தாகவே படவில்லை, "விற்றமின்தானே மாமி" என்றாள். எனவே யாராக இருந்தாலும் இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாளுக்கு முன் முடிக் குளிசையை நிறுத்துங்கள், எடுத்ததை ஆய்வுகூடத்திலும் டொக்டரிடமும் சொல்லுங்கள்.

## பாமசியில் வாங்கும் இரும்புக் குளிசை

விலை மலிவு, துண்டு இல்லாமலும் கிடைக்கும், அம்மாமார் சொல்வதும் இதைத்தான். பல பேருக்கு உண்மையில் இரும்புதான் குறைவு என்பதால் சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனாலும் நான் இதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

ஒரு மாதம் குளிசை போட்டுவிட்டுப் பெரிட்டின் பார்க்க வந்தால், தொடங்கும்போது சேமிப்பு எவ்வளவு கீழே கிடந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. பிறகு டொக்டர் எதை வைத்து எவ்வளவு காலம் கொடுப்பது?

இன்னொன்று இலங்கையில் முக்கியமானது. நம் நாட்டில் தலசீமியாக் கூறு உள்ளவர்கள் இருக்கிறார்கள். நோய் அல்ல, பிறப்பிலேயே வரும் ஒரு கூறு. அவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும் செங்குருதிக்கலங்கள் சிறியதாகவும் இருக்கும். ரிப்போர்ட் பார்ப்பதற்கு இரும்புக் குறைவு போலவே தெரியும். ஆனால் இரும்பு குறைவல்ல. ஹீமோகுளோபின் 11.4, கலங்களின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 67, பெரிட்டின் 70 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் நினைவுக்கு முதலில் வரவேண்டியது இதுதான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து "ரத்தம் குறைவு" என்று வருடக்கணக்காக இரும்பு விழுங்கி, ஒரு புள்ளியும் ஏறாமல் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது எச்.பி.எல்.சி. என்ற வேறு ஒரு பரிசோதனை. அதுவும் கலியாணத்துக்கு முன்பே. கணவன் மனைவி இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால்தான் பிள்ளைக்குப் பெரிய நோய் வர வாய்ப்பு.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு விஷயம். இரும்புக் குளிசை இனிப்புப் போல நிறமாக இருக்கும். ஒரு குழந்தை கையளவு விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

## எஃப்.பி.சி. மட்டும்

மருமகள் ஒரு தனியார் டொக்டரிடம் போய் இதைத்தான் செய்திருந்தாள். ஹீமோகுளோபின் 12.2. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் இரத்தச்சோகை. ஆகவே "ரத்தம் நல்லம்." அது பொய்யும் அல்ல. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் அல்ல.

இதை வீட்டுக் கணக்காக யோசித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் என்பது சட்டைப் பையில் இருக்கும் காசு. பெரிட்டின் என்பது வங்கியில் போட்டு வைத்தது. செலவு வரவை விடக் கூடும்போது நீங்கள் வங்கியிலிருந்து எடுத்து எடுத்துப் பையை நிரப்புவீர்கள். வெளியே பார்ப்பவருக்குப் பை நிறைந்தே தெரியும். வங்கி காலியான பிறகுதான் பையும் காலியாகத் தொடங்கும். உடம்பு முதலில் இரத்தத்துக்குத்தான் இரும்பைக் கொடுக்கும். முடி வேர் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் கலங்களில் ஒன்று, ஆனால் உயிர்வாழ அது தேவையில்லை. ஆகவே பங்கீட்டில் பின்வரிசைதான். ஹீமோகுளோபின் 12க்கு மேலே நிற்கும்போதே களைப்பும் முடி உதிர்வும் வந்துவிடலாம்.

அதே எஃப்.பி.சி. தாளில் சில குறிப்புகள் இருக்கும், படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. மருமகளின் தாளில் எம்.சி.வி. 80, அதாவது செங்குருதிக்கலங்களின் அளவு எல்லையின் விளிம்பில். ஒரு கலத்தில் உள்ள ஹீமோகுளோபினைச் சொல்லும் எம்.சி.எச். 26, கொஞ்சம் குறைவு. ஆர்.டி.டபிள்யூ. 16, கொஞ்சம் கூட. இந்தக் கடைசி எண் கலங்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சொல்வது. பழைய கலங்கள் பெரிதாகவும், இரும்பு போதாமல் அண்மையில் செய்யப்பட்டவை சிறிதாகவும் இருந்தால் அது கூடும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் பெரிய விஷயமில்லை. மூன்றும் ஒரே பக்கம் சாய்வதைப் பார்த்தால், அடுத்ததாகப் பெரிட்டின் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

காசு கஷ்டம் என்றால் எஃப்.பி.சி. ஒரு நல்ல முதல் படி, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 9 என்று வந்தால் அதுவே டொக்டரை வேலை தொடங்க வைக்கும். ஆனால் 12க்கு மேல் வந்தால் அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

## மூன்றையும் ஒரே ஊசியில்

முடியும் களைப்பும் சேர்ந்து இருந்தால் நான் சொல்வது இதுதான். மூன்றில் எஃப்.பி.சி. மலிவு, பெரிட்டினும் டி.எஸ்.எச்.சும் அதை விட விலை. ஆனால் முடிக் குளிசைக்கும் பார்லர் சிகிச்சைக்கும் போன காசோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல.

கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். "ஐயன் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் சீரம் ஐயன் பார்த்துவிடுவார்கள். அது காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. நேற்று விழுங்கிய குளிசைக்கும் ஏறும். அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பெரிட்டின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெரிட்டின் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் எல்லை பல இடங்களில் 10 அல்லது 15லிருந்து தொடங்கும். 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் அதுதான். ஆனால் 18, 22 என்று வந்து "நோர்மல்" என்று அச்சாகியிருந்தாலும் பல டொக்டர்மார் 30க்குக் கீழே இருப்பதை இரும்புக் குறைவாகவே பார்க்கிறார்கள். முடிக்காக 40, 50, 70 வரை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் தோல் வைத்தியர்களும் உண்டு. அந்த மேல் எண்களைப் பற்றி ஆய்வுகள் ஒருமனதாக இல்லை. ஆகவே 45 இருக்கும் ஒருவர் இன்னும் இன்னும் ஏற்றினால் முடி வளரும் என்று நம்பிக் குளிசையைத் தொடர்வதில் அர்த்தமில்லை; வேறு காரணம் தேட வேண்டும்.

பெரிட்டினுக்கு ஒரு பலவீனமும் உண்டு. காய்ச்சல், தொற்று, அழற்சி இருந்தால் அது ஏறிவிடும், இரும்பு இல்லாதபோதும் கூட. டெங்குக்குப் பிறகு இன்னும் மோசம், அளவு மிக உயரத்துக்குப் போகும். ஆகவே காய்ச்சல் மாறிச் சில வாரம் கழித்து எடுங்கள்.

டி.எஸ்.எச். பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அது கூடினால் தைரொயிட் கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். டி.எஸ்.எச். என்பது மூளையடியில் இருந்து கழுத்துச் சுரப்பிக்குப் போகும் கட்டளை. சுரப்பி சோர்ந்தால் கட்டளை சத்தமாகும், அளவு ஏறும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் எல்லை 0.4 முதல் 4.0 வரை. தைரொயிட் குறைந்தவருக்கு முடியும் களைப்பும் தவிரக் குளிர் தாங்காது, மலச்சிக்கல், தோல் வரட்சி, நிறை கூடுதல், சிலருக்குப் புருவத்தின் வெளிப்பாதி மெலிதல் என்று துணைக்குறிகள் வரும். திருகோணமலை வெயிலிலும் ஒருத்திக்குக் குளிர்கிறது என்றால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், இவை ஒன்றையொன்று இழுக்கும். தைரொயிட் குறைந்தால் மாதவிடாயில் இரத்தப்போக்கு கூடலாம், அதனால் இரும்பு போகும். இரும்பு குறைந்தால் தைரொயிட் ஹோர்மோனைச் செய்யும் நொதியும் மந்தமாகும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது இழுத்துக்கொண்டே இருக்கும்.

மருமகளுக்குப் பெரிட்டின் 8. டி.எஸ்.எச். 5.4, தைரொக்சின் அளவு சரி.

## 5.4க்கு தைரொக்சின் தொடங்குவதா, பொறுப்பதா

இங்கேதான் வீட்டில் பெரிய வாக்குவாதம் வந்தது. அண்ணி உடனே தைரொயிட் குளிசை தொடங்க வேண்டும் என்றார். அவருடைய தங்கை வருடக்கணக்காக எடுக்கிறார்.

எண் 10ஐத் தாண்டியிருந்தாலோ, தைரொக்சின் குறைந்திருந்தாலோ டொக்டர்மார் வழமையாகத் தொடங்குவார்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது பிள்ளைக்கு முயற்சி செய்தால், எல்லையைச் சற்றுத் தாண்டினாலே தாமதிக்காமல் டொக்டரிடம் போக வேண்டும்; குழந்தையின் மூளை வளர்ச்சி அதில் இருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் 4க்கும் 10க்கும் இடையே இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பதே நல்லது. பலருக்கு அது தானாக இறங்கிவிடும். தேவையில்லாமல் தைரொக்சின் எடுத்தால் நெஞ்சு படபடக்கும், நித்திரை கெடும். அளவு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும்.

கிளினிக் டொக்டரும் பொறுக்கத்தான் சொன்னார். எட்டு வாரம் கழித்து அதே ஆய்வுகூடத்தில், காலையில், பயோட்டின் இல்லாமல் எடுத்தோம். 3.2. அவளுக்கு தைரொயிட் பிரச்சினை இல்லை.

வேறு யாருக்காவது உண்மையில் தைரொக்சின் தேவைப்பட்டால், அதை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் எடுக்க வேண்டும். இரும்புக் குளிசையும் இருந்தால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் இரும்பு தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேராது. அயடீன் குளிசை வாங்கத் தேவையில்லை. 1995 முதல் நம் நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம்.

## இரும்பைச் சாப்பாட்டால் ஏற்றுவதா, குளிசையாலா

பெரிட்டின் 25, மாதவிடாய் சாதாரணம், களைப்பு லேசு என்றால் சாப்பாட்டால் முயற்சி செய்து மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். 8 என்றால் அது சரிவராது. காலியான சேமிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப மிக நீண்ட காலம் எடுக்கும், அதற்குள் மாதாமாதம் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டில் எல்லா இரும்பும் ஒன்றல்ல. ஈரல், இறைச்சி, மட்டி, மீன் இவற்றில் உள்ளது உடம்பில் சுலபமாகச் சேரும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபியில் உள்ளது சிறிதளவுதான் சேரும். ஆனால் வறையின் மேல் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சேர்க்கை கூடும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் விற்றமின் பி12ஐயும் டொக்டரிடம் கேளுங்கள், களைப்பு அதனாலும் வரும்.

எங்கள் வீடுகளில் இரும்பைத் தடுக்கும் பெரிய ஆள் தேத்தண்ணிதான். மருமகள் மத்தியானம் சோறு முடித்த கையோடு ஒரு பால்த் தேத்தண்ணி குடிப்பாள், வேலையில் மறுபடி இரண்டு. தேயிலையின் துவர்ப்புச் சத்து கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் போதும். குளிசைக்கும் அதே விதி.

குளிசையில் விலை கூடியது நல்லது என்று இல்லை. அரச ஆஸ்பத்திரியில் தரும் பெரஸ் சல்பேட், பெரஸ் பியூமரேட் 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதுவே போதும். நாளுக்கு மூன்று போட்டால் மூன்று மடங்கு வேகம் என்று நினைக்காதீர்கள். ஒரு குளிசை போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூட்டி, அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் வாசலைப் பாதி சாத்திவிடும். அதனால்தான் இப்போது நாளுக்கு ஒன்று, அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் என்று கொடுக்கிறார்கள். மருமகளுக்கு முதல் வாரம் வயிறு பிரட்டி மலம் இறுகியது. டொக்டர் ஒன்றுவிட்ட நாளுக்கு மாற்றினார்; அதன் பிறகு விடாமல் எடுத்தாள். மலம் கறுப்பாகப் போவது இந்தக் குளிசைக்கு வழமை, பயப்பட வேண்டாம். குளிசை எடுக்காமலே தார் போலக் கறுப்பாகப் போனால் அது வேறு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊசி வழி இரும்பு, குளிசை ஒத்துக்கொள்ளாதவருக்கும் குடலில் சேராதவருக்கும்தான். முடிக்காக அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் இரும்பு எங்கே போனது என்று கேட்காவிட்டால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான். மருமகளிடம் "பீரியட்ஸ் எப்பிடி?" என்று கேட்டால் "நோர்மல் மாமி" என்றாள். விவரமாகக் கேட்டபோது ஏழு நாள், முதல் இரண்டு நாளும் இரண்டு மணிக்கொரு பேட், கட்டி கட்டியாக, இரவில் விரிப்பும் நனையும். அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான், ஆகவே அதுதான் சாதாரணம் என்று வளர்ந்திருக்கிறாள். அதோடு நிறை குறைக்க ஐந்து மாதமாக இரவுச் சாப்பாட்டை விட்டிருந்தாள். டொக்டர் வயிற்று ஸ்கேன் பார்த்தார், அது சரி. அதிகம் போகும் நாட்களுக்கு மட்டும் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலக் குளிசை கொடுத்தார், ஒரு பூச்சிக் குளிசையும் கொடுத்தார். கொக்கிப் புழுவும் இரத்தம் குடிக்கும்.

ஆறாவது வாரம் அவள் அழுதுகொண்டே போன் எடுத்தாள். களைப்புக் குறைந்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, ஆனால் முடி அப்படியேதான் விழுகிறது. நான் அந்த மாதக் கணக்கைத் திரும்பச் சொன்னேன். எட்டாவது வாரம் பெரிட்டின் 24. நாலாவது மாதம் தொடங்கும்போது சீப்பில் வருவது பாதியானது. ஐந்தாம் மாதம் நெற்றியோரம் விரல் நுனியளவு குட்டி முடிகள் நிமிர்ந்து நின்றன. வேலைக்குக் கொண்டை போடும்போது அவை அடங்காமல் நிற்கின்றன என்று முறையிட்டாள். ஆறாம் மாதம் பெரிட்டின் 43. இறுக்கிப் போடும் அந்தக் கொண்டையையும் தளர்த்தச் சொன்னேன், அது நெற்றியோர வேர்களை இழுத்தே கெடுக்கும்.

## அரச ஆஸ்பத்திரியா, தனியாரா

திருகோணமலை பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளிலோ காட்டினால் டொக்டருக்கும் மருந்துக்கும் காசு இல்லை. மறைந்திருக்கும் செலவு அரை நாள் லீவும் பஸ் காசும். சில பரிசோதனைகளுக்கு வெளியே செய்து வரும்படி துண்டு தருவதும் நடக்கும். தனியாரில் நேரம் மிச்சம், ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு யாரிடமும் காட்டாமல் போவதுதான் அதில் உள்ள ஆபத்து. பணம் அளவாக இருந்தால் என் யோசனை: பரிசோதனையைத் தனியாரில் செய்து, தாளோடு அரச கிளினிக்குக்குப் போங்கள். நாள்பட எடுக்க வேண்டிய குளிசை அங்கேதான் கட்டுப்படியாகும்.

## மினொக்சிடில் எப்போது

மூன்று ரிப்போர்ட்டும் சரியாக இருந்து, முடி கொத்தாக விழாமல் உச்சி வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகலமாகிறது என்றால், அது பரம்பரையாக வரும் மெலிவாக இருக்கலாம். அதற்கு இரும்பு உதவாது. தலையில் பூசும் மினொக்சிடில் உதவும். ஆனால் முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம், நிறுத்தினால் வளர்ந்தது திரும்பப் போகும், கர்ப்பக் காலத்தில் கூடாது. பெரிட்டின் 8 உள்ள ஒருத்தி இதில் தொடங்கினால், ஏன் விழுகிறது என்றே தெரியாமல் வாழ்நாள் மருந்து ஒன்றுக்குள் மாட்டிக்கொள்வாள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் ஹோர்மோனையும் பார்க்க வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் பளபளத்துத் தழும்பு போல ஆனாலோ மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் நேரே தோல் கிளினிக்குக்குப் போங்கள். தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது.

வகிடா, கொத்தா என்று தெரியாவிட்டால், ஜன்னலோர வெளிச்சத்தில் நடு வகிடு எடுத்து, மாதத்தில் ஒரே நாளில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று படம் சேர்ந்ததும் டொக்டரிடம் ரிப்போர்ட்டோடு அதையும் காட்டுங்கள்.